சிறுநீர் ஸ்ட்ரிப் டப்பாவின் வண்ண அட்டவணை: எந்தத் திட்டு எதைப் பார்க்கிறது, எந்த நொடியில் படிப்பது

கேள்வி: "மாமியாருக்கு 74 வயது. சர்க்கரை நோய்க்கு மாத்திரைகள் எடுத்துக்கொள்கிறார், அவற்றில் ஒன்று டாபாகிளிஃப்ளோசின். அவ்வப்போது வீட்டிலேயே சிறுநீர் ஸ்ட்ரிப் பார்த்து எழுதி வைக்கச் சொன்னார் மருத்துவர். டப்பாவில் உள்ள வண்ண அட்டவணையையும் இன்றைய ஸ்ட்ரிப்பையும் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். ஒவ்வொரு வரிசையும் எதைக் குறிக்கிறது? GLU கரும்பழுப்பாக இருக்கிறது, 2000 என்ற கட்டத்தோடு பொருந்துகிறது. LEU வெளிர் ஊதா. PRO இலேசான பச்சை. நனைத்து ஐந்து நிமிடம் கழித்துத்தான் படம் எடுக்க முடிந்தது. காய்ச்சலோ எரிச்சலோ இல்லை. பயமாக இருக்கிறது."

உங்களைப் பயமுறுத்திய 2000-லிருந்தே தொடங்குகிறேன். அது இரத்தச் சர்க்கரை அளவு அல்ல. விரலில் குத்திப் பார்க்கும் கருவி காட்டும் 150, 200 ஆகியவற்றோடு அதை ஒப்பிடவே கூடாது. சிறுநீரில் எவ்வளவு குளுக்கோஸ் கரைந்திருக்கிறது என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. உங்கள் மாமியார் எடுத்துக்கொள்ளும் டாபாகிளிஃப்ளோசினின் வேலையே சிறுநீரகத்தின் வழியாகக் குளுக்கோஸை வெளியேற்றுவதுதான். இந்த வகை மாத்திரை எடுத்துக்கொள்பவர்களுக்கு, இரத்தச் சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் இருக்கும் நாளிலும் GLU திட்டு அடர்ந்த நிறம் காட்டும். எம்பாகிளிஃப்ளோசின், கனாகிளிஃப்ளோசின் எடுத்துக்கொள்பவர்களுக்கும் இதேதான். மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு மேல் அந்தப் பழுப்பு நிறத்துக்குப் பொருள் எதுவும் இல்லை. சர்க்கரை எப்படி இருக்கிறது என்று பார்க்க அவருக்கு இரத்தப் பரிசோதனைதான் வழி. இந்த நிறத்தைப் பார்த்து நீங்களாக மாத்திரையை நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

LEU திட்டின் வெளிர் ஊதாவை இன்றைய அளவில் கணக்கில் எடுக்க வேண்டாம். காரணம் அந்த ஐந்து நிமிடம். இதைப் புரிந்துகொள்ள அட்டவணையைப் படிக்கும் முறையைப் பார்த்துவிட வேண்டும்.

உங்கள் படத்தில் ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் இரண்டு அல்லது மூன்றெழுத்துக் குறியும், அதன் அருகே சிறிய எழுத்தில் நொடிகளும் அச்சாகியிருக்கின்றன. GLU, BIL ஆகியவற்றுக்கு 30 நொடி. KET 40. SG 45. BLO, pH, PRO, URO, NIT ஐந்துக்கும் 60. LEU மட்டும் 120. பெரும்பாலோர் வண்ணங்களைப் பார்க்கிறார்கள், நொடிகளைப் பார்ப்பதில்லை. உண்மையில் அந்த நொடி இல்லாமல் வண்ணத்துக்குப் பொருளே இல்லை. ஒவ்வொரு திட்டிலும் உலர்ந்த வேதிப்பொருள் இருக்கிறது. சிறுநீர் பட்டதும் வினை தொடங்குகிறது, குறித்த நொடியோடு அது நின்றுவிடுவதும் இல்லை. தொடர்ந்து நிறம் ஏறிக்கொண்டே போகும், ஓரங்களில் உலரும், பக்கத்துத் திட்டின் ஈரமும் வந்து சேரும். 120 நொடியில் வெறும் கிரீம் நிறத்தில் இருந்திருக்கக்கூடிய LEU திட்டு ஐந்தாவது நிமிடத்தில் வெளிர் ஊதாவாகத் தெரிவது சர்வசாதாரணம். இரண்டு நிமிடத்துக்குப் பிறகு தோன்றும் நிறத்தைப் படிக்கக் கூடாது என்று ஸ்ட்ரிப்போடு வரும் தாளிலும் இருக்கும்.

நேரத்துக்கு அடுத்து, ஸ்ட்ரிப்பைத் தலைகீழாக வைத்துவிடும் ஆபத்து. பிடிக்கும் முனை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று டப்பாவில் படம் போட்டிருப்பார்கள், ஆனால் அது சிறியது. இதைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. நனைக்காத புதிய ஸ்ட்ரிப் ஒன்றை எடுத்து அட்டவணையின் அருகே வைத்துப் பாருங்கள். உங்கள் டப்பாவில் SG, pH, URO தவிர மற்ற வரிசைகளின் முதல் கட்டம் 'இல்லை' என்பதற்குரிய நிறம். நனைக்காத திட்டுகள் பெரும்பாலும் அந்த முதல் கட்டங்களை ஒத்திருக்கும். GLU நீலப்பச்சை, BLO மஞ்சள், PRO வெளிர்மஞ்சள், NIT வெள்ளை, LEU கிரீம். இப்படி வரிசையாகப் பொருந்தினால் சரியான பக்கம்தான் பிடித்திருக்கிறீர்கள். பொருந்தவில்லை என்றால் ஸ்ட்ரிப்பைத் திருப்புங்கள். திருப்பியும் பொருந்தாமல், நனைக்காத NIT திட்டே இளஞ்சிவப்பாகவோ மற்றவை மங்கிப் பழுப்பேறியோ இருந்தால் அந்த ஸ்ட்ரிப் ஈரக்காற்று பட்டுக் கெட்டுவிட்டது, பயன்படுத்தாதீர்கள். வேறு நிறுவனத்தின் ஸ்ட்ரிப்புக்கு மாறினால் இந்த டப்பாவின் அட்டவணை அதற்குச் செல்லாது. வரிசை மாறும், நிறங்களும் மாறும். GLU திட்டு மஞ்சளில் தொடங்கிப் பச்சைக்குப் போகும் ஸ்ட்ரிப்புகளும் இருக்கின்றன.

சில கட்டங்களின் கீழே இரண்டு எண்கள் இருப்பதையும் பார்த்திருப்பீர்கள். மேலே mg/dL, கீழே mmol/L. ஒரே அளவைத்தான் இரண்டு அலகுகளில் சொல்கிறார்கள். எழுதி வைக்கும்போது எப்போதும் ஒன்றையே எழுதுங்கள். ஒற்றைக் கூட்டல் குறி எல்லா வரிசையிலும் ஒரே தீவிரத்தைக் குறிப்பதில்லை என்பதும் முக்கியம். PRO வரிசையில் ஒரு கூட்டல் என்பது சுமார் 30 mg/dL. GLU வரிசையில் ஒரு கூட்டல் 250 mg/dL. அதனால் "இரண்டில் ஒரு கூட்டல் வந்தது" என்று மருத்துவரிடம் சொன்னால் அவருக்குப் பயன்படாது. எந்த வரிசை, எந்த எண் என்று சொல்லுங்கள்.

இனி உங்கள் மாமியாருக்கு முக்கியமான திட்டுகளை விரிவாகச் சொல்கிறேன், மற்றவற்றைச் சுருக்கமாக.

KET கீட்டோனைப் பார்க்கிறது. உடல் சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் கொழுப்பை எரிக்கும்போது கீட்டோன் உருவாகும். இளம் பழுப்பில் தொடங்கி, இளஞ்சிவப்பு வழியாகக் கருஞ்சிவப்பு ஊதாவுக்குப் போகும் வரிசை இது. உங்கள் படத்தில் இது முதல் கட்டத்தில் இருக்கிறது, நல்லது. உங்கள் மாமியார் விஷயத்தில் GLU-வைவிட இதைத்தான் கவனமாகப் பார்க்கச் சொல்வேன். அவர் எடுக்கும் வகை மாத்திரையில், அரிதாக, இரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாமலேயே கீட்டோன் அபாய அளவுக்குப் போய் இரத்தம் அமிலத்தன்மை அடைவது உண்டு. சாப்பிடாமல் இருக்கும் நாள், வாந்தி பேதி, காய்ச்சல், அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய பட்டினி ஆகியவை அதற்கு வழிவிடும் நேரங்கள். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வேகமாக வாங்குவது, அளவுக்கு மீறிய சோர்வு இவற்றில் ஏதாவது இருந்து KET திட்டும் நிறம் மாறினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கருவியில் சர்க்கரை 180 என்று காட்டுகிறதே என்று தாமதிக்க வேண்டாம். இந்தத் திட்டுக்கு ஒரு குறையும் உண்டு. அமில நிலையில் அதிகமாக உருவாகும் கீட்டோன் வகையை இது காண்பதே இல்லை, இன்னொரு வகையைத்தான் காண்கிறது. அதனால் மேலே சொன்ன அறிகுறிகள் இருந்தால், திட்டு நிறம் மாறாவிட்டாலும் மருத்துவரை அழையுங்கள். அங்கே இரத்தத்தில் கீட்டோன் பார்ப்பார்கள். சாப்பிட முடியாத நாட்களில் அந்த மாத்திரையைத் தொடரலாமா, நிறுத்தி வைக்க வேண்டுமா என்பதையும் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

LEU, NIT இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். LEU வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியைக் காண்கிறது. வெள்ளை அணுக்கள் சிறுநீரில் இருந்தால் பாதையில் எங்கோ அழற்சி இருக்கிறது என்று பொருள், கிருமித் தொற்று அதற்கு ஒரு காரணம் மட்டுமே. பெண்களுக்கு வெள்ளைப்படுதல் கலந்தாலும் இந்தத் திட்டு ஊதாவாகிவிடும். NIT நைட்ரைட்டைக் காண்கிறது. சிறுநீரில் இயல்பாக உள்ள நைட்ரேட்டைச் சில கிருமிகள் நைட்ரைட்டாக மாற்றும். அதற்குச் சிறுநீர், சிறுநீர்ப்பையில் நான்கு மணி நேரமாவது தங்கியிருக்க வேண்டும், அதனால்தான் காலையின் முதல் சிறுநீர் இதற்கு ஏற்றது. அடிக்கடி சிறுநீர் கழிப்பவருக்குத் தொற்று இருந்தும் NIT வெள்ளையாகவே இருக்கலாம். எல்லாக் கிருமிகளும் இந்த மாற்றத்தைச் செய்வதும் இல்லை. எனவே NIT சீராக இளஞ்சிவப்பானால் கிருமி இருக்க வாய்ப்பு அதிகம், வெள்ளையாக இருந்தால் கிருமி இல்லை என்று சொல்ல முடியாது. திட்டின் ஓரத்தில் மட்டும் சிவப்புக் கோடோ புள்ளியோ தெரிந்தால் அதை எண்ணக் கூடாது. நிறம் எவ்வளவு அடர்த்தி என்பதும் தொற்றின் கடுமையைக் காட்டாது.

வயதானவர்களைப் பராமரிப்பவர்களுக்கு இந்த இடத்தில் அழுத்தமாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. வயது ஏற ஏற, எந்தத் தொந்தரவும் இல்லாமலேயே சிறுநீர்ப்பையில் கிருமிகள் குடியிருப்பது சகஜமாகிவிடுகிறது. சிறுநீர்க்குழாய் போட்டிருப்பவர்களுக்கோ நாளடைவில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் அப்படித்தான். அவர்களுக்கு LEU, NIT இரண்டும் நிறம் காட்டிக்கொண்டே இருக்கும். அறிகுறி இல்லாமல் நிறத்தை மட்டும் பார்த்து ஆன்டிபயாடிக் கொடுத்தால் பலன் இல்லை. வயிற்றுப்போக்கும் மருந்துக்கு அடங்காத கிருமியும்தான் மிச்சமாகும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு ஸ்ட்ரிப்பை மட்டும் வைத்துச் சிறுநீர்த் தொற்று என்று முடிவு கட்டக் கூடாது என்பது இன்று மருத்துவர்கள் பின்பற்றும் நெறி. புதிதாக வந்த எரிச்சல், அடக்க முடியாத அவசரம், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், இடுப்புக்கு மேலே பக்கவாட்டில் வலி, திடீரென வந்த குழப்பம் ஆகியவற்றைத்தான் நீங்கள் தேட வேண்டும். அவை இருந்தால், ஸ்ட்ரிப் என்ன காட்டினாலும், மருந்து தொடங்குவதற்கு முன் ஆய்வகத்தில் கல்ச்சர் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உங்கள் மாமியாருக்கு இந்த அறிகுறிகள் எதுவும் இல்லை, ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் NIT வெள்ளையாகவே இருக்கிறது. இன்றே ஓட வேண்டிய நிலை இல்லை.

PRO முக்கியமாக ஆல்புமின் என்ற புரதத்தைப் பார்க்கிறது. மஞ்சளிலிருந்து பச்சைக்கும் நீலப்பச்சைக்கும் போகும். இதைத் தனியாகப் படிக்காமல் SG வரிசையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். SG சிறுநீரின் அடர்த்தி, 1.000-லிருந்து 1.030 வரை போகும். உங்கள் படத்தில் அது கடைசிக் கட்டமான 1.030-க்கு அருகில் மஞ்சள் சாய்ந்த பச்சையாகத் தெரிகிறது. நேரம் தப்பிய படம் என்பதால் எண்ணை உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் சிறுநீர் கெட்டியாக இருந்திருக்க வேண்டும். கெட்டியான சிறுநீரில் இயல்பான சிறிதளவு புரதமே திட்டை இலேசான பச்சையாக்கும். இதே பச்சை 1.005 அடர்த்தியுள்ள நீர்த்த சிறுநீரில் வந்திருந்தால் நான் அதை அதிகம் பொருட்படுத்தியிருப்பேன். காய்ச்சலோ கடும் உழைப்போ இல்லாத நாட்களில் எடுத்த பல மாதிரிகளில் PRO தொடர்ந்து 30-ஐத் தொட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோயில் சிறுநீரகப் பாதிப்பின் தொடக்கத்தில் கசியும் மிகச் சிறிய அளவு ஆல்புமினை இந்தத் திட்டு பிடிக்காது. அதற்கு ஆய்வகத்தில் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் பார்ப்பார்கள். PRO மஞ்சளாக இருக்கிறது என்பதற்காக அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

SG அடிக்கடி 1.030-க்குப் பக்கத்திலேயே இருந்தால் அவர் தண்ணீர் போதுமான அளவு குடிக்கவில்லை என்று கொள்ளலாம். அவருடைய மாத்திரை சிறுநீரை அதிகமாக்கும் என்பதால் இது கவனிக்க வேண்டியதுதான். இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறு காரணமாகத் தண்ணீருக்கு வரம்பு சொல்லியிருந்தால் மட்டும் கேட்டுவிட்டுக் கூட்டுங்கள்.

BLO இரத்தத்தைப் பார்க்கிறது. மஞ்சளிலிருந்து பச்சை, அடர்நீலம் என்று போகும். இந்த வரிசையில் மட்டும் சில கட்டங்களில் புள்ளி புள்ளியாக அச்சிட்டிருப்பதைக் காண்பீர்கள், அச்சுப் பிழை அல்ல. உடையாத சிவப்பணுக்கள் திட்டின் மேல் ஆங்காங்கே பச்சைப் புள்ளிகளாகத் தெரியும், உடைந்து கலந்த இரத்தம் சீரான நிறம் தரும். கண்ணுக்குச் சிவப்பு தெரியாதபோதும் இந்தத் திட்டு நிறம் மாறலாம். ஒரு முறை மாறினால் சில நாள் கழித்துத் திரும்பப் பாருங்கள், மீண்டும் மாறினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுநீர் கண்ணுக்கே சிவப்பாகத் தெரிந்தால் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அன்றே சொல்லுங்கள்.

BIL, URO இரண்டும் கல்லீரல், பித்தப்பாதை சார்ந்தவை. பிலிரூபின் சிறுநீரில் இருக்கவே கூடாது, அதனால் BIL சிறிது மாறினாலும் இரத்தப் பரிசோதனை தேவைப்படும். யூரோபிலினோஜன் அப்படி அல்ல, சிறிதளவு எப்போதும் இருக்கும். அதனால்தான் URO வரிசையில் முதல் கட்டத்திலேயே 0.2 என்று எண் போட்டிருக்கிறது. 1 வரை இயல்பு. pH பெரும்பாலும் 5-க்கும் 8-க்கும் இடையில் உணவையும் மருந்தையும் பொறுத்து மாறும். அதைத் தனியாக வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

ஒரு கேள்வியை நீங்களும் கேட்டுப் பாருங்கள்: மாமியார் வைட்டமின் சி மாத்திரை எடுத்துக்கொள்கிறாரா? சத்து மாத்திரைகளில் அது நிறையக் கலந்திருக்கும். வைட்டமின் சி அதிகமாகச் சிறுநீரில் வந்தால் BLO, GLU, NIT, BIL ஆகிய திட்டுகளின் வினையைத் தடுத்துவிடும். இருப்பதையும் இல்லை என்று காட்டும் என்பதால் இதில் ஏமாறுவது எளிது. அதேபோல் சிறுநீரில் குளுக்கோஸ் மிக அதிகமாக இருக்கும்போது LEU உள்ளதைவிடக் குறைவாகக் காட்டலாம். உங்கள் மாமியாருக்கு இது பொருந்தும். எனவே சரியான நேரத்தில் படித்தபோதும் LEU இலேசாக நிறம் காட்டினால், அறிகுறியும் உடன் இருந்தால், இலேசுதானே என்று விட்டுவிட வேண்டாம்.

இனி படம். கையில் இருக்கும் ஸ்ட்ரிப்பை செல்பேசித் திரையில் உள்ள அட்டவணையோடு ஒப்பிடாதீர்கள். கேமரா வெளிச்சத்துக்கு ஏற்ப நிறங்களைத் தானாகத் திருத்தும், அனுப்பும்போது படம் சுருங்கி இன்னும் மாறும். மஞ்சள் விளக்கின் கீழ் NIT வெள்ளை இளஞ்சிவப்பாகத் தெரியும், PRO மஞ்சளும் வெளிர்பச்சையும் ஒன்றுபோலத் தெரியும். நிஜ டப்பாவோடு, ஜன்னலோரம், நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் கண்ணால் படித்து எழுதுங்கள். யாருக்காவது அனுப்ப வேண்டும் என்றால் ஸ்ட்ரிப்பும் டப்பாவும் ஒரே படத்தில் அருகருகே இருக்கட்டும், ஃபிளாஷ் வேண்டாம். 60-ஆவது நொடியில் ஒன்று, 120-ஆவது நொடியில் ஒன்று என இரண்டு படங்கள் போதும்.

நாளை காலை திரும்பப் பாருங்கள். சுத்தமான, சோப்பு வாடையில்லாத உலர்ந்த கிண்ணத்தில், தொடக்கச் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். டயப்பரைப் பிழிந்து எடுத்தது வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். ஸ்ட்ரிப்பை எடுத்தவுடன் டப்பாவை இறுக மூடுங்கள், திட்டுகளைத் தொடாதீர்கள். எல்லாத் திட்டுகளும் மூழ்க ஒரு நொடி நனைத்து, வெளியே எடுக்கும்போது விளிம்பைக் கிண்ணத்தின் ஓரத்தில் இழுத்து மிச்சச் சிறுநீரை வடியுங்கள். எடுத்த கணத்தில் கடிகாரத்தைத் தொடங்குங்கள். ஸ்ட்ரிப்பைக் கிடைமட்டமாகவே பிடித்திருக்க வேண்டும். செங்குத்தாகப் பிடித்தால் PRO திட்டில் உள்ள அமிலம் வழிந்து pH திட்டுக்குப் போய் அதைப் பொய்யாக்கும். 30-இல் GLU, BIL, பிறகு KET, SG, 60-இல் நடுவில் உள்ள ஐந்து, 120-இல் LEU. பக்கத்தில் ஒருவர் நொடியைச் சொல்லிக்கொண்டிருந்தால் எளிது. தனியாக இருந்தால் GLU-வை விட்டுவிட்டு, 40-இல் KET, 45-இல் SG, 60-இல் NIT, BLO, PRO, 120-இல் LEU மட்டும் பார்த்தால் உங்கள் மாமியாருக்குப் போதும்.

நோட்டில் எழுதும் வரி இப்படி இருக்கட்டும்: தேதி, காலை மணி, முதல் சிறுநீரா இல்லையா, ஒவ்வொரு குறிக்கும் அட்டவணையில் உள்ள எண், அன்று காய்ச்சல் அல்லது எரிச்சல் உண்டா, சரியாகச் சாப்பிட்டாரா. 120 நொடியில் LEU கிரீமாக இருந்தால் இன்றைய ஊதா தாமதத்தால் வந்தது. அப்போதும் ஊதாவாக இருந்து, தொந்தரவு எதுவும் இல்லை என்றால், நோட்டோடு அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் காட்டுங்கள். இடையில் எரிச்சலோ காய்ச்சலோ வந்தால் சந்திப்புக்குக் காத்திருக்க வேண்டாம்.